"ஃபிட்ஸ் வந்து விழுந்தார்": சாட்சி சொன்னதும் ரிப்போர்ட்டில் ஏறியதும்

"பேச்சு மூச்சு இல்லாம கிடந்தாரு டாக்டர்."

கேசுவாலிட்டியில் வேலை பார்க்கும் எந்த டாக்டரும் மாதத்துக்கு நாலு தடவையாவது இதைக் கேட்டிருப்பார். தமிழ் தெரிந்த யாருக்கும் அர்த்தம் புரியும். ஆள் நினைவில்லாமல் கிடந்தார், கூப்பிட்டால் பதில் இல்லை. அவ்வளவுதான்.

ஆனா நாங்க கேஸ் ஷீட்டை இங்கிலீஷ்ல எழுதுறோம். ராத்திரி ரெண்டு மணிக்கு, பின்னாடி நாலு பேர் நின்னு கத்திக்கிட்டு இருக்கும்போது, இதை அப்படியே சொல்லுக்குச் சொல் இங்கிலீஷாக்கினால் என்ன வரும்? "பேச்சு இல்லை, மூச்சும் இல்லை." மூச்சு இல்லைன்னா மருத்துவ மொழியில் அது வேற விஷயம். இதயம் நின்றுபோயிருக்கலாம் என்று அர்த்தம். அடுத்து வரும் டாக்டர் அதைப் படித்துவிட்டு, செத்துப் பிழைத்த ஒருவருக்குச் செய்ய வேண்டிய பரிசோதனைகளை எல்லாம் ஆரம்பிப்பார்.

சொன்னவர் பொய் சொல்லவில்லை. எழுதினவரும் பொய் எழுதவில்லை. ஆனாலும் நடந்தது ஒன்று, பேப்பரில் இருப்பது வேறொன்று.

இன்னைக்கு இந்த விஷயத்தைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமா எழுதப் போறேன். ஒரு சம்பவத்தைப் பார்த்தவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதணுமா, இல்ல சுருக்கி நம்ம வார்த்தையில் எழுதலாமா? கேட்க இலக்கணப் பிரச்சனை மாதிரி இருக்கும். கீழே வரும் கேஸைப் படிங்க. (அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். ஆஸ்பத்திரி பெயர் கேட்காதீங்க, சொல்ல மாட்டேன்.)

முதல்ல, சம்பவ அறிக்கைன்னா என்ன? வார்டுக்குள்ளே எதிர்பாராதது ஏதாவது நடந்தால், அதாவது நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தாலோ, மருந்து மாறிப் போனாலோ, ரத்தம் ஏற்றும்போது குளிர் நடுக்கம் வந்தாலோ, டியூட்டியில் இருப்பவர் ஒரு ரிப்போர்ட் எழுத வேண்டும். என்ன நடந்தது, எப்போது, யார் பார்த்தார்கள், உடனே என்ன செய்யப்பட்டது. பெரும்பாலும் ஒரு பக்கம். அது ஆர்.எம்.ஓ. மேசைக்குப் போகும். அங்கிருந்து மேலேயும் போகலாம். நோயாளி கீழே விழுவது இதில் ரொம்ப சகஜமான சம்பவம்.

மேல் சொன்ன கேஸில் விழுந்தவருக்கு வயது 58. மினி லாரி ஓட்டுகிறவர். இதய பலவீனம், கால் வீக்கம் என்று ஆண்கள் மெடிக்கல் வார்டில் அட்மிட் ஆகியிருந்தார். நீர் இறங்க லாசிக்ஸ் ஊசி போய்க்கொண்டிருந்தது. ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையையும் ராத்திரி போட்டிருந்தார். விடிகாலை ரெண்டரை மணி வாக்கில் சிறுநீர் கழிக்க எழுந்தவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டார். நெற்றியில் சின்ன வீக்கம்.

டியூட்டியில் இருந்த ஹவுஸ் சர்ஜன் எழுதின ரிப்போர்ட் இங்கிலீஷில் இருந்தது. தமிழில் சொன்னால் மூணே வரி:

"நோயாளிக்கு ஃபிட்ஸ் வந்து கட்டிலிலிருந்து கீழே விழுந்ததாக அட்டெண்டர் கூறுகிறார். ஃபிட்ஸ் சுமார் ஐந்து நிமிடம் நீடித்தது. ஸ்டாஃப் நர்ஸ் அழைக்கப்பட்டும் உடனடியாக வரவில்லை."

சுத்தமான, தெளிவான ரிப்போர்ட். கையெழுத்துகூட நல்லா இருந்தது. 😀

இந்த மூணு வரியால் காலையில் மூணு விஷயம் கிளம்பிவிட்டது. ஒன்று, ஃபிட்ஸ் மாத்திரை ஆரம்பிக்கணும் என்று ரவுண்ட்ஸில் பேச்சு. ரெண்டு, அந்த வார்த்தை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறினால் அவர் வண்டி ஓட்டவே முடியாது. லைசென்ஸ் விண்ணப்பத்தில் வலிப்பு இருக்கிறதா என்று கேட்கிறார்கள், முதலாளியும் சாவியைக் கொடுக்க மாட்டார். மூணு, சிஸ்டருக்கு மெமோ. அரசு ஊழியர்களுக்குத் தெரியும், விளக்கம் கேட்டு வரும் மெமோ அப்படியே 17(பி) வரைக்கும் வளரக்கூடியது. இன்கிரிமென்ட், பிரமோஷன் எல்லாம் அதில் மாட்டும்.

என்ன நடந்ததுன்னு கேட்டு எழுதித் தரச் சொல்லி ஆர்.எம்.ஓ. என்னை அனுப்பினார். காலை ஒன்பது மணி.

முதல்ல "அட்டெண்டர்"னா யாருன்னு தேடினேன். எங்க ஊர் ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு இருக்கும் யாரையும் அட்டெண்டர் என்போம். மகனாக இருக்கலாம், மச்சானாக இருக்கலாம், பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியாகக்கூட இருக்கலாம். இந்தக் கேஸில் ரெண்டு பேர். நோயாளியின் மகன் ஒருத்தர். ஆனா அவர் சம்பவத்தின்போது வராந்தாவில் தூங்கிக்கிட்டு இருந்தார். சத்தம் கேட்டு வந்தப்போ அப்பா கண் முழிச்சாச்சு. உண்மையில் பார்த்தது பக்கத்துக் கட்டில் நோயாளியின் மனைவி. ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். ரெண்டு கட்டிலுக்கு நடுவில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார், தூங்கவில்லை.

ரிப்போர்ட்டில் இருந்த "ஃபிட்ஸ் வந்து விழுந்தார்" யாருடைய வார்த்தை தெரியுமா? மகனுடையது. "ஃபிட்ஸ் வந்து விழுந்துட்டாருன்னு அந்தம்மா சொன்னாங்க சார்." அந்தம்மா இவரிடம் சொன்னது, இவர் ஹவுஸ் சர்ஜனிடம் சொன்னது, அவர் இங்கிலீஷில் எழுதியது. மூணு கை மாறியிருக்கு. ஆனா பேப்பரில் "அட்டெண்டர் கூறுகிறார்" என்ற ஒரு வார்த்தைக்குள் அத்தனையும் மறைஞ்சு போச்சு.

நான் அந்தம்மாவிடம் போய் உட்கார்ந்து, "என்னம்மா பார்த்தீங்க? முதல்ல இருந்து சொல்லுங்க"ன்னு மட்டும் கேட்டேன். குறுக்கே பேசலை. அவங்க சொன்னதை அப்படியே தமிழில் எழுதிக்கிட்டேன்:

"அவரு எந்திரிச்சு உக்காந்தாரு தம்பி. கீழ குனிஞ்சு செருப்பத் தேடுனாரு. எந்திரிச்சு நின்னு ரெண்டு எட்டு வெச்சாரு. மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு. 'கண்ணு இருட்டுது'ன்னாரு. கட்டில் கம்பியப் புடிக்கப் போனவரு அப்படியே சரிஞ்சிட்டாரு. விழுந்தப்புறம் ஃபிட்ஸ் வந்துருச்சு. நான் கத்துனேன். சிஸ்டரு கடைசிக் கட்டில்ல ஊசி போட்டுக்கிட்டு இருந்தாங்க. 'வர்றேன், தூக்காதீங்க, அப்படியே படுக்க வைங்க'ன்னு அங்கிருந்தே சொன்னாங்க. அவங்க வர்றதுக்குள்ள இவரே முழிச்சு, 'என்னைய ஏன் கீழ போட்டீங்க'ன்னு கேட்டாரு."

இப்ப ரெண்டையும் பக்கத்தில் வெச்சுப் பாருங்க.

முதல் விஷயம், வரிசை. "ஃபிட்ஸ் வந்து விழுந்தார்" என்கிறது ரிப்போர்ட். "விழுந்தப்புறம் ஃபிட்ஸ் வந்துருச்சு" என்கிறார் சாட்சி. தமிழ் வாக்கியத்தில் ரெண்டு வார்த்தை இடம் மாறினது. மருத்துவத்தில் ரெண்டு வேற வியாதி. எழுந்து நின்றதும் முகம் வெளுத்து, கண் இருட்டி, சரிந்து விழுந்து, விழுந்த பிறகு கை ரெண்டு தடவை வெட்டி, உடனே முழித்துக் கேள்வி கேட்டால், அது மூளைக்கு ரத்தம் சில நொடி குறைஞ்சதால் வந்த மயக்கமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இந்த மயக்கத்திலும் கை கால் வெட்டும். 1994-ல் லெம்பர்ட் என்ற ஜெர்மானிய நரம்பியல் மருத்துவரின் குழு, ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு வேண்டுமென்றே மயக்கம் வரவழைத்து வீடியோ எடுத்தார்கள். முழுசா மயங்கி விழுந்தவர்களில் 90 சதவீதம் பேருக்குத் தசைகள் வெட்டி இழுத்தன. அவங்க யாருக்கும் வலிப்பு நோய் கிடையாது. அதனால "வெட்டுச்சு" என்பதை வைத்து மட்டும் வலிப்பு நோய்னு முடிவு கட்ட முடியாது. வெட்டினது விழுறதுக்கு முன்னாடியா பின்னாடியா, எவ்வளவு நேரம், முழிச்சதும் தெளிவா பேசினாரா, நாக்கின் ஓரத்தைக் கடிச்சிருக்காரா என்பதுதான் பிரிச்சுக் காட்டும். இதில் முக்கால்வாசி பார்த்தவர் சொன்னால்தான் உண்டு. ஸ்கேனில் வராது.

ரெண்டாவது, முழிச்சதும் அவர் பேசின வாக்கியம். "என்னைய ஏன் கீழ போட்டீங்க." வலிப்பு வந்து ஓய்ந்த ஆள் பெரும்பாலும் கொஞ்ச நேரம் குழம்பிப்போய் இருப்பார், இல்ல அசந்து தூங்குவார். முழிச்ச கையோடு இவ்வளவு கோர்வையா சண்டைக்கு வர்றவர், மயக்கத்திலிருந்து எழுந்தவர் மாதிரிதான் தெரிகிறார். ரிப்போர்ட்டில் இந்த வாக்கியமே இல்லை. ஏன் இல்லைன்னு எனக்குப் புரியுது. சுருக்கும்போது முதல்ல வெட்டிப் போடுறது இந்த மாதிரி "கதை"யைத்தான். நோயாளி ஏதோ உளறினார், அதை எதுக்கு எழுதணும் என்று தோணும். ஆனா இந்தக் கேஸில் டயக்னோசிஸே அந்த வரியில்தான் இருந்தது.

மூணாவது, சிஸ்டர். "அழைக்கப்பட்டும் உடனடியாக வரவில்லை" என்பது பொய்யான்னு கேட்டா, பொய் இல்லை. உடனே வரவில்லைதான். இன்னொரு நோயாளியின் நரம்பில் ஊசி பாதி போய்க்கிட்டு இருக்கும்போது அதை அப்படியே விட்டுட்டு ஓடி வர முடியாது. இருந்த இடத்திலிருந்தே அவங்க சொன்ன "தூக்காதீங்க, அப்படியே படுக்க வைங்க" என்பதுதான் அந்த நேரத்துக்குச் சரியான சிகிச்சை. மயங்கி விழுந்தவரைத் தூக்கி உட்கார வெச்சா மூளைக்கு ரத்தம் இன்னும் குறையும். விழுந்து தலையில் அடிபட்டவரைக் கண்டபடி தூக்கினால் கழுத்துக்கும் ஆபத்து. அதாவது சிஸ்டர் தன் வேலையைச் சரியாகச் செய்ததற்கான சாட்சியமே அந்தம்மாவின் வாயில் இருந்தது. சுருக்கினபோது அதே சாட்சியம் சிஸ்டருக்கு எதிரா திரும்பிடுச்சு.

இதுவரைக்கும் படிச்சா, "அப்போ எப்பவும் அப்படியே எழுதிடணும், அவ்வளவுதானே"ன்னு தோணும். எனக்கும் அப்படிச் சொல்லத்தான் ஆசை. ஆனா விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை.

அந்தம்மாவே "ஃபிட்ஸ் வந்துருச்சு"ன்னு சொன்னாங்க இல்லையா? அதை மேற்கோள் குறிக்குள் போட்டு எழுதியிருந்தால் நூற்றுக்கு நூறு வார்த்தைக்கு வார்த்தை சரி. ஆனா அது அவங்க கண்ணால் பார்த்தது இல்லை. அது ஒரு பெயர். ராத்திரி வார்டில் யாரோ சொல்லி இவங்க வாய்க்கு வந்த பெயர். விசாரிச்சதில், ஹவுஸ் சர்ஜன் அவங்களிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கார்: "ஃபிட்ஸ் மாதிரி வெட்டுச்சாம்மா?" இவங்க "ஆமா"ன்னு சொல்லியிருக்காங்க. அந்த "ஆமா"வை அப்படியே மேற்கோள் காட்டினா அது யாருடைய சாட்சியம்? கேள்வி கேட்டவருடையது. பதிலை மட்டும் வார்த்தை மாறாமல் எழுதி, கேள்வியை விட்டுட்டா, அது சுருக்கி எழுதுறதை விட மோசம். ஏன்னா மேற்கோள் குறி இருப்பதால் படிக்கிறவர் சந்தேகமே பட மாட்டார்.

அதனால நான் திரும்பக் கேட்டேன். "ஃபிட்ஸ்னா எப்படிம்மா இருந்துச்சு? செஞ்சு காட்டுங்க." அவங்க ரெண்டு கையையும் முழங்கையில் மடக்கி, ரெண்டு மூணு தடவை உதறிக் காட்டிட்டு நிறுத்திட்டாங்க. இதை மேற்கோளாக எழுதவே முடியாது. இங்கே நம்ம வார்த்தைதான் வேணும். "இரு கைகளையும் முழங்கையில் மடக்கி இரண்டு மூன்று முறை உதறிக் காட்டினார். கால்கள் அசையவில்லை என்றார்" என்று எழுதினேன்.

அடுத்தது அந்த அஞ்சு நிமிஷம். "எவ்வளவு நேரம்மா வெட்டுச்சு?"ன்னு கேட்டதுக்கு என்னிடமும் "அஞ்சு நிமிஷம் இருக்கும் தம்பி"ன்னுதான் சொன்னாங்க. நம்ம ஊரில் "அஞ்சு நிமிஷம்" என்பது ஒரு அளவே இல்லை. "அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்"னு சொல்லிட்டுப் போறவங்களை நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆனா மருத்துவத்தில் வலிப்பு அஞ்சு நிமிஷத்தைத் தாண்டினா அது அவசர நிலை, தனி சிகிச்சை முறையே இருக்கு. அதனால, "அவர் விழுந்ததுல இருந்து முழிச்சுப் பேசுற வரைக்கும் என்னென்ன நடந்துச்சோ அதை மறுபடி மெதுவா சொல்லிக்கிட்டே வாங்க"ன்னு சொல்லி வாட்ச் பார்த்தேன். விழுந்தாரு, கத்துனேன், சிஸ்டரு திரும்பிப் பார்த்தாங்க, சொன்னாங்க, நான் குனிஞ்சு தலையப் புடிச்சேன், முழிச்சாரு. இருபது விநாடி சுமார். ரெண்டையும் எழுதினேன்: அவங்க சொன்னது "அஞ்சு நிமிஷம்", நடந்ததை மறுபடி சொல்ல வெச்சுப் பார்த்தது ஏறக்குறைய இருபது விநாடி. எது சரின்னு நான் தீர்ப்பு எழுதலை. படிக்கிறவர் முடிவு பண்ணட்டும்.

முகம் வெளுத்ததுன்னு சொன்னதையும் கேட்டேன். ராத்திரி ரெண்டரை மணிக்கு எப்படித் தெரிஞ்சுது? "டியூப்லைட்டு அவரு தலைக்கு மேலதான் தம்பி எரியுது." போய்ப் பார்த்தேன். ஆமா, அங்கேதான் இருக்கு. அதுவும் ஒரு வரியா ரிப்போர்ட்டில் ஏறிச்சு.

எனக்கு ஒரு குறையும் இருந்தது. சம்பவம் நடந்து ஆறரை மணி நேரம் ஆகியிருந்தது. அதுக்குள்ளே அந்தம்மா இந்தக் கதையை வார்டில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாங்க? ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கதை கொஞ்சம் வழவழப்பாகும். நான் எழுதினது அவங்க காலை ஒன்பது மணிக்குச் சொன்ன வார்த்தை. ராத்திரி சொன்ன வார்த்தை இல்லை. அதனால ரிப்போர்ட்டில் கேட்ட நேரத்தையும் போட்டேன். அந்த ராத்திரியே நாலு வரி அவங்க வார்த்தையில் எழுதியிருந்தா என்னுடையதை விட அதுக்குத்தான் மதிப்பு அதிகம்.

பிறகு என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. படுக்க வெச்சு பிரஷர் பார்த்தோம், 124/80. எழுந்து நிற்க வெச்சு மூணு நிமிஷத்துக்குள்ளே பார்த்தோம், 92/60. மேல் பிரஷர் 20 இறங்கினாலே நின்றால் பிரஷர் விழுது என்று அர்த்தம். இவருக்கு 32 இறங்கியிருந்தது. லாசிக்ஸ் நீரைக் குறைக்கும், ப்ராஸ்டேட் மாத்திரையில் சில வகை ரத்தக் குழாயைத் தளர்த்தும், ரெண்டும் சேர்ந்தால் இப்படி ஆகும். தலையில் அடிபட்டதால் சி.டி. எடுத்தோம், நார்மல். இதய பலவீனம் இருக்கிறவர் மயங்கினால் இதயத் துடிப்புக் கோளாறையும் தேட வேண்டும், அதனால இ.சி.ஜி.யும் மானிட்டரும் போட்டோம். அதில் ஒண்ணும் இல்லை. மருந்து நேரத்தையும் அளவையும் மாத்தினாங்க. ஃபிட்ஸ் மாத்திரை ஆரம்பிக்கலை. சிஸ்டருக்கு வாய்மொழியாகக் கேட்டதோடு முடிஞ்சுது.

ஹவுஸ் சர்ஜனை நான் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி முழுக்க ஒத்தை ஆளா ஓடிக்கிட்டு இருந்த பையன். எங்களுக்கு எம்.பி.பி.எஸ்.ஸில் சொல்லிக் கொடுக்கிறதே சுருக்கி எழுதுறதுதான். நோயாளி பத்து நிமிஷம் பேசுறதை மருத்துவ வார்த்தையில் ரெண்டு வரியாக்குறவன்தான் நல்ல மாணவன். அது கேஸ் ஷீட்டுக்குச் சரி. சம்பவ அறிக்கைக்குச் சரிப்படாது. ஏன்னா கேஸ் ஷீட்டில் நாளைக்கே நோயாளியிடம் திரும்பக் கேட்டுத் திருத்தலாம். இதில் சாட்சி ரெண்டு நாளில் டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்குப் போயிடுவார். பேப்பர் மட்டும்தான் மிஞ்சும்.

நம்ம மொழியில் வேற ஒரு சிக்கல் இருக்கு. சாட்சி தமிழில் சொல்ல, நாம இங்கிலீஷில் எழுதுறதால, சுருக்கலைன்னாலும் அது மொழிபெயர்ப்பு. "மயக்கம்" என்ற ஒரே சொல்லை எடுத்துக்கோங்க. "மயக்கமா வருது"ன்னா தலைசுத்தல். "மயக்கமா கிடந்தாரு"ன்னா நினைவில்லை. "மயக்கம் போட்டு விழுந்தாரு"ன்னா கொஞ்ச நேரம் நினைவு தப்பி விழுந்தார். இங்கிலீஷில் இது மூணும் மூணு வெவ்வேற வார்த்தை. "இழுப்பு" இன்னும் மோசம். "இழுப்பு இருக்கு"ன்னா ஆஸ்துமா. "ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு"ன்னா பக்கவாதம். "கை காலு இழுத்துச்சு"ன்னா வலிப்பு. நுரையீரல், மூளை ரத்தக்குழாய், மூளை நரம்பு, எல்லாத்துக்கும் ஒரே வேர்ச்சொல். அதனாலதான் நான் இங்கிலீஷ் ரிப்போர்ட்டுக்கு நடுவிலேயே அந்த ஒரு வரியை மட்டும் தமிழ் எழுத்தில் எழுதிடுவேன். யாரும் இதுவரைக்கும் திட்டலை.

சட்டத்துக்கும் இந்த விஷயம் ரொம்ப நாளாவே தெரியும். மரண வாக்குமூலத்தை நினைச்சுப் பாருங்க. சாகக் கிடப்பவர் சொன்னதை கோர்ட் சாட்சியமாக ஏத்துக்கும். பழைய சாட்சிய சட்டத்தில் பிரிவு 32, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புது சட்டத்தில் பிரிவு 26. 1957-ல் குஷால் ராவ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒண்ணு சொன்னது. மாஜிஸ்திரேட் முறைப்படி, கேள்வி பதிலாக, முடிஞ்ச வரைக்கும் சொன்னவரின் சொந்த வார்த்தையிலேயே பதிவு செய்த வாக்குமூலத்துக்கு மதிப்பு அதிகம் என்று. கவனிங்க, வெறும் "சொந்த வார்த்தை" இல்லை. கேள்வியும் பதிலும். வார்டில் நான் பட்ட பாடும் அதுதான். கேள்வி என்னன்னு தெரியாம பதிலுக்கு எடை போட முடியாது.

அடிதடி கேஸில் நாங்க போடுற ஏ.ஆர். என்ட்ரியிலும் இதே கதை. வெட்டுக்காயத்தோடு வந்தவர், "யாருன்னு தெரியல சார், இருட்டா இருந்துச்சு" என்பார். "அடையாளம் தெரியாத நபர்கள் தாக்கினர்" என்று எழுதிடுவாங்க. ரெண்டு நாள் கழிச்சு தெருவிளக்கில் பார்த்த ஒருத்தர் பெயரை அவர் போலீஸில் சொன்னா, எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஏ.ஆர். காப்பியைத்தான் முதல்ல கையில் எடுப்பார். "தெரியாத நபர்னு சொன்னீங்களே!" அவர் சொன்னது அந்த இருட்டில் முகம் தெரியலைன்னு. அந்த ஆளையே தெரியாதுன்னு சொல்லலை. "இருட்டா இருந்துச்சு" என்ற ரெண்டு வார்த்தையைச் சேர்த்து எழுதியிருந்தா கோர்ட்டில் அந்தக் கேள்விக்கு வலு இருந்திருக்காது.

எதையெல்லாம் சுருக்கலாம்? நிறைய. அந்தம்மா என்னிடம் பேசின பதினைந்து நிமிஷத்தில் பத்து நிமிஷம் அவங்க வீட்டுக்காரரின் சர்க்கரை, பாத்ரூம் தண்ணி, மருமகள். அதெல்லாம் ரிப்போர்ட்டுக்கு வேண்டாம். கட்டில் நம்பர், நேரம், யார் எங்கே இருந்தாங்க என்பதை நம்ம வார்த்தையில், நாமே சரி பார்த்து எழுதணும். நேரத்தைச் சாட்சி வாயிலிருந்து எடுத்தா "சாமம்"னு வரும். வார்டு ரிஜிஸ்டரிலிருந்து எடுத்தா 2:35-ன்னு வரும். நான் வெச்சிருக்கும் கணக்கு இதுதான்: அந்த வரியை வேற மாதிரி எழுதினா நோயின் பெயர் மாறுமா, இல்ல பழி போகிற ஆள் மாறுமா? மாறும்னா, அது சாட்சியின் வார்த்தையிலேயே இருக்கணும், கேள்வியோடு சேர்த்து. மாறாதுன்னா சுருக்கிடலாம். அந்த ஒரு பக்கத்தில் அப்படி மிஞ்சினது அஞ்சாறு வரிதான். பக்கம் பெருத்துப் போகலை.

கடைசியா எழுதினதை அந்தம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ஒரு இடத்தில் நிறுத்தினாங்க. "'ரெண்டு எட்டு வெச்சாரு'ன்னு போட்டிருக்கீங்களா? ரெண்டாவது எட்டு முழுசா வெக்கல தம்பி, கால் தூக்குனாரு, அவ்வளவுதான்." திருத்தினேன். பக்கத்தில் இன்ஷியல் போட்டேன். பிறகுதான் கைநாட்டு.

உங்களில் யாராவது என்றைக்காவது இப்படி ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட நேர்ந்தால், எழுதினதைத் தமிழில் படிச்சுக் காட்டச் சொல்லிக் கேளுங்க. இங்கிலீஷில் இருந்தா "இது நான் சொன்ன மாதிரியே இருக்கான்னு சொல்லுங்க சார்"ன்னு கேளுங்க. டாக்டர் கொஞ்சம் முறைப்பார், பரவாயில்லை. நீங்க பார்க்காதது, இன்னொருத்தர் சொல்லிக் கேட்டது, அதில் "பார்த்தார்"ன்னு ஏறியிருந்தா அந்த இடத்தை அடிக்கச் சொல்லிட்டுக் கையெழுத்துப் போடுங்க.